உச்சியில் பந்தின் முடுக்கம்

நேராக மேலே எறியப்பட்ட பந்து, உச்சியைத் தொடும் கணத்தில் திசைவேகம் இல்லாமல் இருக்கிறது. ஆனால் அந்தக் கணத்திலும் அதன் முடுக்கம் சுழி ஆவதில்லை. கையை விட்டுக் கிளம்பியபோது இருந்த அதே அளவில், நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என்ற வீதத்தில், கீழ்நோக்கியே அது இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வில் சரியாக எழுதியவர்களுக்கும் மனத்துக்குள் ஒரு நெருடல் மிச்சமிருக்கும். அசையாத ஒன்றுக்கு முடுக்கம் எங்கிருந்து வரும்?

திசைவேகம், பொருள் எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறது. முடுக்கம், அந்தத் திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைச் சொல்கிறது. ஒன்றின் மதிப்பை வைத்து மற்றொன்றின் மதிப்பைச் சொல்லிவிட முடியாது. நேர்ச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் சீராக ஓடும் பேருந்துக்குத் திசைவேகம் உண்டு, முடுக்கம் இல்லை. உச்சியில் இருக்கும் பந்து இதற்கு நேர் எதிர்.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் ஒரு கிரிக்கெட் பந்து நேர்மேலே எறியப்படுகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். பந்து சரியாக ஒரு நொடியில் கைக்கு மேலே 4.9 மீட்டர் உயரத்தில் உச்சியை எட்டும், அடுத்த ஒரு நொடியில் கைக்குத் திரும்பும். உச்சிக்கு நூறில் ஒரு நொடி முன்பு பந்து நொடிக்கு 9.8 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. உச்சிக்கு நூறில் ஒரு நொடி பின்பு அதே வேகத்தில் கீழே வந்துகொண்டிருக்கிறது. மேல்நோக்கி 9.8 என்பது கீழ்நோக்கி 9.8 ஆக மாறியிருக்கிறது என்றால், மொத்த மாற்றம் நொடிக்கு 19.6 சென்டிமீட்டர். அதற்கு எடுத்த நேரம் நூறில் இரண்டு நொடி. வகுத்தால் கிடைப்பது நொடிக்கு நொடி 9.8 மீட்டர். கால இடைவெளியை ஆயிரத்தில் ஒன்றாகவோ லட்சத்தில் ஒன்றாகவோ சுருக்கினாலும் விடை மாறாது. திசைவேகம் சுழியைக் கடந்து போகிறது, சுழியில் தங்குவதில்லை. வெப்பமானியின் பாதரசம் கீழிறங்கும்போது சுழிக் குறியைத் தாண்டுகிறது. அந்தக் குறியில் இருக்கும் கணத்திலும் வெப்பம் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. பந்தின் திசைவேகமும் அப்படித்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரணக் கைபேசியில், அளவுகோல் வரைந்த சுவர் ஒன்றின் முன்னால் மேலெழும் பந்தைக் காணொளியாகப் பதிவு செய்து, படம் படமாக நகர்த்திப் பந்தின் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் சரியாக உச்சியில் விழுந்தது என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து அடுத்த படத்துக்குள் பந்து 5.4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அதற்கடுத்த படத்துக்குள் மேலும் 16.3, பிறகு 27.2, பிறகு 38.1 மில்லிமீட்டர். இவை 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் அமைகின்றன. விழும் பொருள்களுக்கு இந்த விதியைக் கண்டு சொன்னவர் கலிலியோ. அவருடைய ‘இரு புதிய அறிவியல்கள்’ 1638-இல் வெளிவந்தது.

உச்சிக்கு முந்தைய படங்களையும் சேர்த்து எழுதினால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மேல்நோக்கிய நகர்வைக் கூட்டல் குறியாலும் கீழ்நோக்கிய நகர்வைக் கழித்தல் குறியாலும் காட்டினால், ஒவ்வொரு படத்துக்கும் இடையிலான நகர்வு +7, +5, +3, +1, −1, −3, −5, −7 என்று போகிறது. ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட இரண்டு குறைவு. ஏழிலிருந்து ஐந்துக்கும் இரண்டு, மூன்றிலிருந்து ஒன்றுக்கும் இரண்டு, கூட்டல் ஒன்றிலிருந்து கழித்தல் ஒன்றுக்கும் அதே இரண்டு. உச்சியைத் தாண்டும் அந்த ஓர் அடிக்கு எந்தச் சலுகையும் இல்லை. இந்த ‘இரண்டு’தான் முடுக்கம். அங்கே அது சுழியாகியிருந்தால் வரிசையில் ஓரிடத்தில் இந்தச் சீரான குறைவு தடைப்பட்டிருக்க வேண்டும். எந்தப் படமும் சரியாக உச்சியில் விழாவிட்டாலும் கவலையில்லை. நகர்வுகள் வேறு எண்களாக இருக்கும், அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மட்டும் மாறாது. கையால் குறிக்கும்போது ஓரிரு மில்லிமீட்டர் பிசகு வரத்தான் செய்யும். அதனால் ஒரே ஒரு வேறுபாட்டை நம்பாமல், பத்துப் பதினைந்து படங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆனாலும் பந்து உச்சியில் சற்றுத் தங்கிவிட்டு இறங்குவதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. இந்தத் தோற்றத்துக்குக் காரணம் உண்டு. உச்சிக்குப் பத்தில் ஒரு நொடி முன்பும் பின்பும் பந்து உச்சியிலிருந்து வெறும் 4.9 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆக, பத்தில் இரண்டு நொடி நேரம் அது ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே உலவுகிறது. இன்னும் வியப்பான கணக்கு ஒன்று: இரண்டு நொடி நீளும் முழுப் பயணத்தில் சரிபாதி நேரத்தை, அதாவது ஒரு நொடியை, பந்து மேலே உள்ள கால் பங்கு உயரத்திலேயே கழிக்கிறது. மெதுவாகப் போகிற இடத்தில் நேரம் அதிகம் செலவாகத்தானே வேண்டும். மெதுவாக இருப்பது வேறு, ஓய்ந்து நிற்பது வேறு. ஓய்வு என்றால் எவ்வளவு சிறிதானாலும் ஒரு கால அளவு முழுவதும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். உச்சியில் பந்துக்கு அப்படி ஒரு கால அளவே கிடைப்பதில்லை.

குழப்பத்தின் ஆழமான வேர் விசையைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் மாணவர்களிடம் ஓர் எளிய கேள்வி கேட்கப்பட்டது. சுண்டிவிட்ட நாணயம் பாதி வழியில் மேலே போய்க்கொண்டிருக்கிறது, அதன் மேல் செயல்படும் விசைகளை வரைந்து காட்டுக. பெரும்பாலானோர் கீழ்நோக்கிய ஈர்ப்பு விசையோடு, ‘கை கொடுத்த விசை’ என்று மேல்நோக்கியும் ஓர் அம்புக்குறி போட்டார்கள். அது போகப்போகத் தேய்ந்து, உச்சியில் எடைக்குச் சமமாகி, பிறகு எடையிடம் தோற்றுவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். இந்தப் படத்தில் உச்சிதான் இரு விசைகளும் ஈடாகும் இடம். அப்படியானால் அங்கே முடுக்கம் சுழி என்று சொல்வது இயல்பான முடிவுதான். இதைத் தவறு என்று சொல்லலாமே தவிர, மந்த புத்தி என்று சொல்ல முடியாது. 1590-ஐ ஒட்டி, பீசா நகரில் இளம் ஆசிரியராக இருந்த கலிலியோவே ஏறக்குறைய இதே விளக்கத்தை எழுதி வைத்திருந்தார்.

உண்மையில் கை கொடுக்கும் விசை, பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்தோடு தீர்ந்துவிடுகிறது. பந்து தன்னோடு எடுத்துச் செல்வது விசையை அல்ல, வேகத்தை. மேலே போய்க்கொண்டே இருக்க விசை எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற வேகத்தைக் குறைக்கத்தான் விசை வேண்டும், அந்த வேலையை ஈர்ப்பு விசை செய்கிறது. சுமார் 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை பூமி ஏறக்குறைய 1.6 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. பந்து மேலே போகிறதா, கீழே வருகிறதா, உச்சியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்த இழுப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. விசை மாறாதபோது முடுக்கமும் மாறாது. மேசைமேல் வைத்த பந்துக்கும் திசைவேகம் சுழிதான், ஆனால் அதற்கு முடுக்கமும் சுழி. அங்கே பூமியின் இழுப்புக்கு ஈடாக மேசை மேல்நோக்கித் தள்ளுகிறது. உச்சியில் இருக்கும் பந்துக்கு அடியில் அப்படித் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

வகுப்பறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். உச்சியில் முடுக்கமும் சுழியாக இருந்தால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும் என்பது அந்த வாதம். முடுக்கம் தொடர்ந்து சுழியாகவே இருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் ஒரே ஒரு கணம் மட்டும் திசைவேகம், முடுக்கம் இரண்டும் சுழியாகி, பிறகு திரும்பி வரும் இயக்கத்தைக் கணிதத்தில் எழுத முடியும். உயரம் நேரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் குறையும்படி அமைத்தால் போதும். ஆகவே திரும்பி வருகிறது என்பதை மட்டும் வைத்து முடுக்கம் உண்டு என்று நிறுவுவது அரைகுறை நிரூபணம். பந்தின் மேல் விசை எல்லா உயரத்திலும் ஒரே அளவில் இருக்கிறது என்பதே முழுமையான காரணம்.

குறியில் வரும் தடுமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால் முடுக்கம் பயணம் முழுவதும் −9.8. கழித்தல் குறியைப் பார்த்ததும் வேகம் குறைகிறது என்று பலரும் படித்துவிடுகிறார்கள். ஏறும்போது அது சரி. இறங்கும்போதும் முடுக்கம் அதே −9.8தான், ஆனால் வேகம் கூடுகிறது. குறி சொல்வது திசையை மட்டுமே. திசைவேகமும் முடுக்கமும் ஒரே பக்கம் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் குறையும். ஏறுவதற்கு ஒரு முடுக்கம், இறங்குவதற்கு இன்னொரு முடுக்கம், நடுவில் உச்சியில் சுழி என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் குறியைத் தவறாகப் படிப்பதாலும் வருகிறது.

ஒதுக்கி வைத்த காற்றை இப்போது திரும்பக் கொண்டுவரலாம். கிரிக்கெட் பந்தைவிட மேசைப்பந்தில் அதன் விளைவு நன்றாகத் தெரியும். 2.7 கிராம் எடையுள்ள அந்தப் பந்து, நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும்போது காற்றின் தடை அதன் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதே வேகத்தில் அதை மேலே எறிந்தால், தடையும் எடையும் இரண்டுமே கீழ்நோக்கி இழுக்கும். கிளம்பும் கணத்தில் முடுக்கம் 9.8-ஐப் போல இருமடங்கு, அதாவது சுமார் 19.6. ஏற ஏற வேகம் குறைகிறது, அதனால் தடையும் குறைகிறது, முடுக்கமும் 9.8-ஐ நோக்கி இறங்கி வருகிறது. இறங்கும்போது தடை மேல்நோக்கித் திரும்பிவிடுவதால் முடுக்கம் 9.8-க்கும் கீழே போகிறது. ஏறுவதற்கு ஆகும் நேரத்தைவிட இறங்குவதற்கு ஆகும் நேரம் அதிகம் என்பதும் இதனால்தான். திசைவேகம் சுழியாகும் உச்சியில் மட்டும் காற்றின் தடை இல்லை. காற்று தரும் மிகச் சிறிய மிதப்பு விசையை விட்டுவிட்டால், பயணம் முழுவதிலும் முடுக்கம் சரியாக 9.8 ஆக இருக்கும் ஒரே இடம் அந்த உச்சிதான்.

இவை அனைத்தும் நேர்மேலே எறிந்த பந்துக்கு உரியவை. சாய்வாக எறிந்த பந்தின் திசைவேகம் உச்சியில்கூடச் சுழி ஆவதில்லை. மேல்–கீழ் திசையில் உள்ள பகுதி மட்டும் சுழியாகிறது, பக்கவாட்டு வேகம் அப்படியே இருக்கிறது. முடுக்கம் அங்கேயும் செங்குத்தாகக் கீழ்நோக்கி 9.8தான், அதனால்தான் பாதை உச்சியில் நேர்கோடாகாமல் வளைந்து இறங்குகிறது.