இரண்டு லெவலுக்கு நடுவே எத்தனை விளம்பரம்?

மொபைல் கேமில் ஒரு லெவலை முடித்ததும் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வரும் விளம்பரத்தை, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்டர்ஸ்டீஷியல் என்கிறார்கள். இலவச கேம்கள் பலவும் இந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன. அளவு மீறினால், ஆடுகிறவர் எரிச்சலில் கேமையே அழித்துவிட்டுப் போவதற்கும் இதுவே காரணமாகிறது. அதனால் ஒருவருக்கு எவ்வளவு நேரத்தில் எத்தனை விளம்பரம் என்று வரம்பு வைக்கிறார்கள். இதற்குப் பெயர் ஃப்ரீக்வென்சி கேப்பிங்.

கூகுளின் ஆட்மாப் போன்ற விளம்பரச் சேவைகளிலேயே இந்த வரம்பை அமைக்கலாம். ஒரு பயனருக்கு இத்தனை நிமிடத்துக்கு இத்தனை விளம்பரம் என்று குறித்தால் போதும். ஆனால் அந்தச் சேவைக்கு எண்ணிக்கையும் கடிகாரமும் மட்டுமே தெரியும். ஆடுகிறவர் ஒரே லெவலில் தொடர்ந்து தோற்று நொந்துபோயிருப்பது தெரியாது. அது கேமுக்குத்தான் தெரியும். ஆகவே முக்கியமான வரம்பு கேமின் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

புதியவர்கள் பலரும் எழுதும் விதி, ‘மூன்று லெவலுக்கு ஒரு விளம்பரம்’ என்பது. ஒரு புதிர் கேமில் இது என்ன செய்யும் என்று பார்ப்போம். தொடக்க லெவல்கள் எளிமையானவை. ஒவ்வொன்றும் 20 விநாடியில் முடிந்துவிடும். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். ஐம்பதாவது லெவலில் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் பிடிக்கிறது. அங்கே ஒன்பது நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். கேமோடு இன்னும் ஒட்டாத புதியவருக்கு அதிகத் தொல்லை, ஒட்டிக்கொண்டவருக்குக் குறைந்த தொல்லை. இருக்க வேண்டியதற்கு நேர் எதிர்.

நேரத்தை மட்டும் வைத்தாலும் சரிவராது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால், மூன்று நிமிட லெவல் ஒவ்வொன்றின் முடிவிலும் விளம்பரம் வந்து நிற்கும். இரண்டையும் சேர்ப்பதே நல்லது: கடைசி விளம்பரத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு லெவல் முடிந்திருக்க வேண்டும், 120 விநாடியும் கடந்திருக்க வேண்டும். முதல் ஐந்து லெவல்களில் விளம்பரமே வேண்டாம்.

அந்த 120 விநாடியை எங்கிருந்து எண்ணுவது? விளம்பரம் திறந்த நொடியிலிருந்து எண்ணினால், 30 விநாடி வீடியோ ஓடிய நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆட்டத்துக்குக் கிடைப்பது 90 விநாடிதான். ஆகவே விளம்பரத்தை மூடிய நொடியிலிருந்து எண்ண வேண்டும். கூடுதல் உயிருக்காக ஒருவர் தானாகவே ஒரு வீடியோ விளம்பரம் பார்த்திருந்தால், அப்போதும் கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். விரும்பி ஒன்றைப் பார்த்தவர் மேல் அடுத்த நிமிடமே இன்னொன்றைத் திணிப்பது நியாயமே இல்லை.

விளம்பரத்தைக் குறைத்தால் வருமானம் போய்விடாதா? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆயிரம் முறை காட்டினால் 80 ரூபாய் கிடைக்கிறது என்று வையுங்கள்; ஒரு விளம்பரத்துக்கு 8 பைசா. நாளுக்கு 12 விளம்பரம் பார்த்து மூன்றாம் நாளோடு போய்விடுபவர் தருவது 2 ரூபாய் 88 பைசா. நாளுக்கு ஐந்து மட்டும் பார்த்து 12 நாள் ஆடுபவர் தருவது 4 ரூபாய் 80 பைசா.

நிஜத்தில் இதைச் சோதித்துத்தான் அறிய முடியும். புதிதாக வருபவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, வெவ்வேறு வரம்பு வைத்துப் பார்க்கிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் நாள் வருமானத்தில் அதிக விளம்பரம் காட்டிய குழுவே பெரும்பாலும் முந்தி நிற்கும். அதோடு சோதனையை நிறுத்தினால் தவறான பக்கமே வெல்லும். குறைந்தது 14 நாள் காத்திருந்து, கேமை நிறுவிய ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் கடைசியாகப் பார்த்தது எது என்பதும் பதிவாக வேண்டும். அது விளம்பரமாகவே இருக்கும் விகிதம் ஏதாவது ஒரு லெவலில் திடீரென ஏறினால், அந்த இடத்தில் வரம்பு பிசகியிருக்கலாம்.

எத்தனை என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்ததுதான் இந்த விஷயம். அடுத்த லெவலுக்கான பொத்தானை அழுத்திய பிறகு, லெவல் தொடங்கும் நேரத்தில் முழுத்திரை விளம்பரம் எதிர்பாராமல் குறுக்கிடுவதை கூகுள் பிளே 2022 செப்டம்பர் 30 முதல் அனுமதிப்பதில்லை. மதிப்பெண் திரைக்குப் பிறகு, ஆட்டத்தைக் குலைக்காமல் வருவதற்குத் தடை இல்லை. லெவல் தொடங்கும்போதே விளம்பரம் பாய்கிற கேம் உங்கள் ஃபோனில் இருந்தால், பிளே ஸ்டோரில் அதன் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி மெனு வழியாகப் புகார் செய்யுங்கள். எந்த லெவலில், எந்தப் பொத்தானை அழுத்தியதும் வந்தது என்று விமர்சனப் பகுதியிலும் எழுதுங்கள். கேமை உருவாக்கியவருக்கு அந்த ஒரு வரி உதவும்.