சொல்லின் வாலில் சொல்பவரின் மனம்

வரலாற்றுப் பாடத்தில் ‘கொரில்லாப் போர்’ என்று படிக்கும்போது, மனிதக் குரங்குக்கும் போருக்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் எண்ணியதுண்டு. உறவு ஒன்றுமில்லை. அது ஸ்பானிய மொழிச் சொல். அம்மொழியில் ‘கெர்ரா’ என்றால் போர். ‘கெர்ரில்யா’ என்றால் சிறுபோர். 1808-ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகளை ஸ்பெயின் நாட்டு மக்கள் சிறுசிறு கூட்டங்களாக மறைந்திருந்து தாக்கினார்கள். அப்போருக்குப் பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவியது. கொசுவைக் குறிக்கும் ‘மஸ்கிட்டோ’வும் அப்படிப்பட்டதே. ‘மோஸ்கா’ என்றால் ஈ. அதன் வாலில் ‘இட்டோ’ சேர்ந்து, சின்ன ஈ ஆயிற்று.

நம் இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று படிக்கிறோமல்லவா? ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொல்லின் விகுதியை மாற்றியே பொருளைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் முடியும். சிறிதாக்க ஆண்பாலில் ‘இட்டோ’, பெண்பாலில் ‘இட்டா’ என்பவை பெரிதும் வழங்குகின்றன. பெரிதாக்க ‘ஓன்’, ‘ஆசோ’ முதலியவை உண்டு. சொல்லின் கடைசி உயிரை நீக்கிவிட்டு விகுதியைச் சேர்க்க வேண்டும். ‘காசா’ என்றால் வீடு. ‘காசிட்டா’ சிறு வீடு. ‘காசோனா’ பெரிய மாளிகை.

ஆனால் இந்த விகுதிகள் அளவை மட்டும் காட்டுவதில்லை. நம் ஊர்ப்பக்கத்து இராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். இரண்டு அடிக்கு மேல் உயரமுள்ள வெள்ளை நாய். நாய்க்கு ஸ்பானியச் சொல் ‘பெர்ரோ’. தெருவில் அதைக் கண்டு மிரண்டு ஒதுங்குபவர் ‘பெர்ராசோ’ என்பார். அம்மாடி, எவ்வளவு பெரிய நாய் என்று பொருள். அதை வளர்க்கும் பாட்டியோ தலையைத் தடவி ‘பெர்ரிட்டோ’ என்பார். நாய் சிறுத்துவிடவில்லை; பாட்டியின் அன்புதான் அங்கே விகுதியாக நிற்கிறது. நாமும் அணிலை ‘அணிற்பிள்ளை’ என்றும், கிளியைக் ‘கிளிப்பிள்ளை’ என்றும் சொல்வது அவற்றின் வயதை எண்ணியா?

அவிலா நகரப் புனித தெரேசம்மாள் 1562-ஆம் ஆண்டில் தம் முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார். தாம் தொடங்கிய மடங்களைப் பற்றி எழுதும்போது அவர் ஆண்ட சொல் ‘பலோமார்சித்தோ’ என்பது. ‘பலோமா’ என்றால் புறா. ‘பலோமார்’ என்றால் புறாக்கூடு. ‘ர்’ என்று முடியும் சொல்லாதலால் ‘இட்டோ’வுக்குப் பதில் ‘சித்தோ’ வந்தது. அம்மடங்கள் உண்மையிலேயே சிறியவை. முதல் மடத்தில் பதின்மூன்று பேர் போதும் என்று அவர் எண்ணினார். ஆகவே இச்சொல்லில் அளவும் உண்டு, தாயன்பும் உண்டு. லிசியே நகரத்துச் சிறுமலர் தெரேசம்மாளையோ ஸ்பானியர் ‘சாந்தா தெரெசிட்டா’ என்று அழைக்கின்றனர். நாம் ‘குழந்தை’ என்ற சொல்லை முன்னால் சேர்க்கிறோம். அவர்கள் விகுதியைப் பின்னால் சேர்க்கிறார்கள். இரு புனிதையரையும் வேறுபடுத்த அந்தச் சிறு வால் போதுமானதாயிற்று.

இதே விகுதிகள் கேலிக்கும் பயன்படும். ‘ரெய்’ என்றால் அரசர்; ‘ரெயெசுவேலோ’ என்றால் மதிக்கத்தகாத குறுநில மன்னன். ‘லிஸ்தோ’ என்றால் புத்திசாலி. ‘லிஸ்தில்யோ’ என்றால் தன்னைப் புத்திசாலி என்று எண்ணிக்கொள்பவன். “பெரிய மேதாவி வந்துட்டா!” என்று நாம் இழுப்போமே, அந்தத் தொனிதான். நாம் கேலிக்குப் ‘பெரிய’ என்கிறோம். அவர்கள் சிறிதாக்கிக் கேலி செய்கிறார்கள். பெரிதாக்கும் விகுதியும் கேலிக்கு உதவும். ‘யோரார்’ என்றால் அழுதல்; ‘யோரோன்’ என்றால் அழுமூஞ்சி.

அப்படியானால் அன்பா, கேலியா, அளவா என்று எப்படி அறிவது? முதலில் விகுதி எந்தச் சொல்லோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீடு, நாய் போன்றவற்றோடு சேர்ந்தால் அளவாகவோ அன்பாகவோ இருப்பது வழக்கம். பதவியோடும் அறிவோடும் சேர்ந்தால் கேலியாக இருக்கக்கூடும். பிறகு பேசுபவரின் குரலையும் முகத்தையும் கவனிக்க வேண்டும். அகராதி இவ்விடத்தில் முழுதும் உதவாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில சொற்களில் விகுதி உறைந்துபோய்த் தனிப்பொருள் பெற்றுவிட்டது. ‘ராத்தா’ என்றால் எலி. ‘ராத்தோன்’ என்பது பெரிய எலியாக இருக்க வேண்டுமே! இல்லை, அது சுண்டெலி. ‘காயே’ என்றால் தெரு. ‘காயெஹோன்’ பெருந்தெரு அல்ல, குறுகிய சந்து. ‘செஞோரா’ என்றால் திருமதி. ‘செஞோரிட்டா’ சின்னத் திருமதி அல்ல, மணமாகாத செல்வி. ஆதலால் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் தோழியர் ‘ஓன்’ என்ற வாலைக் கண்டதும் யானையை எதிர்பார்க்க வேண்டாம்; சுண்டெலியும் வரலாம்!