கட்டடமும் கணக்கும் – 9: நூற்றைம்பது சொற்களில் ஒரு பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக் கட்டடம் கட்டி முடிந்து, வண்ணம் காய்ந்து, திறப்பு விழாவும் நடந்த பிறகு, அதை வடிவமைத்த நிறுவனம் நான்கைந்து படங்களோடு ஒரு சிறு குறிப்பை வெளியிடும். நூற்றைம்பது, மிஞ்சினால் இருநூறு சொற்கள். அதில் வழக்கமாக மூன்று பங்கு இருக்கும்: என்ன கேட்டார்கள் என்ற தேவை, எதெல்லாம் குறுக்கே நின்றன என்ற தடை, ஊருக்கு என்ன கிடைத்தது என்ற பயன். தேவையையும் பயனையும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே எழுதிவிடலாம். எல்லாப் பள்ளிக்கும் காற்றோட்டமான வகுப்பறைதான் தேவை. எல்லாப் பள்ளியாலும் வருங்காலத் தலைமுறைக்குத்தான் பயன். தடையை மட்டும் அப்படி எழுத முடியாது. அது அந்த மண்ணுக்கும் அந்தத் தெருவுக்கும் மட்டுமே உரியது. ஆகவே ஒரு குறிப்பின் தரத்தை அது தடைகளைப் பற்றி என்ன சொல்கிறது, ஒவ்வொரு தடையும் கட்டடத்தின் எந்த முடிவுக்குக் காரணமானது என்று காட்டுகிறதா என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் இது வெறும் விளம்பர விவகாரம் அல்ல. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும். கார், கைப்பேசி, கண்ணாடி என்று தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அந்தப் பணத்துக்கு அருகிலேயே தெரியும் இலக்கு அரசுப் பள்ளி வகுப்பறைதான். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் அந்தக் கொடையை வாங்குவதற்கு ஒரு வாசலையும் திறந்துவைத்தது. கட்டடம் முடிந்ததும் வடிவமைப்பாளரின் குறிப்பு அப்படியே கொடையாளியின் ஆண்டறிக்கைக்குப் போகும். பெரிய கொடையாளிகள், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்து, அவற்றின் பயனை வெளியார் மூலம் மதிப்பிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. மதிப்பிட வருபவர் எதை எதோடு ஒப்பிடுவார்? முதலில் என்ன வாக்களித்தார்கள் என்பதோடுதான். வாக்கு ‘ஊருக்குப் புத்துயிர்’ என்று இருந்தால் அதை அளக்க அவரிடம் கோல் இல்லை.

இந்தியாவில் அண்மைக் காலத்தில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட பள்ளிகளில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே தார் பாலைவனத்தில் நிற்கும் ராஜ்குமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி. நியூயார்க்கைச் சேர்ந்த டயானா கெல்லாக் நிறுவனம் ‘சிட்டா’ என்ற தொண்டு அமைப்புக்காக வடிவமைத்தது, 2021-இல் திறக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் 400 சிறுமிகளுக்கு இடம் என்பது தேவை. நீள்வட்ட வடிவம், நடுவில் முற்றம், அந்தப் பகுதியின் மஞ்சள் மணற்கல்லில் உள்ளூர்க் கைவினைஞர்கள் எழுப்பிய சுவர், மேலே ஜாலி எனும் துளைச்சுவர், கூரையில் சூரியத் தகடுகள். குளிர்சாதனம் கிடையாது. இதில் கல்லைப் பற்றிய பகுதி நல்ல குறிப்புக்கு எடுத்துக்காட்டு. கோடையில் வெயில் 50 டிகிரியை நெருங்கும் இடம். பக்கத்திலேயே வெட்டியெடுக்கும் கல். அதைச் செதுக்கத் தெரிந்த கைகளும் அங்கேயே. கனத்த கல் பகல் வெப்பத்தை மெதுவாக உள்ளே விடும். பாலைவன இரவு குளிர்வதால், வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியே தள்ளிவிடும். தடையும் முடிவும் இங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அதே கட்டடத்தைப் பற்றிப் பரவிய விவரங்களில் வேறு இரண்டு செய்திகள் இந்தச் சோதனையில் தேறவில்லை. நீள்வட்டம் பல பண்பாடுகளில் பெண்மையின் அடையாளம், அதனால் அந்த வடிவம் என்பது ஒன்று. வடிவமைப்பாளருக்கு அந்த எண்ணம் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தில் எந்தத் தடையும் அந்த வடிவத்தைக் கேட்கவில்லை. முற்றத்தில் நிழல் விழும் நேரம், மழைநீர் சேரும் அளவு என்று சொன்னால்தான் வடிவத்துக்கு நியாயம் கிடைக்கும். இரண்டாவது, அப்பகுதியில் பெண்களின் எழுத்தறிவு 32 சதவீதத்தையே எட்டுகிறது என்ற வரி. ஜெய்சால்மர் மாவட்டத்துக்கு அது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய அளவு. 2011 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 40 ஆகியிருந்தது. பள்ளி திறந்ததோ 2021-இல். தொடக்கப் புள்ளி இருபது ஆண்டு பழையது என்றால், பள்ளி வந்த பின் எவ்வளவு ஏறினாலும் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்துமுடிந்ததாக இருக்கும். பயனை அளக்க நினைப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தத் தொடக்க எண்ணைத்தான்.

எதிர்ப்பக்க உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் பிறந்த டியபேடோ பிரான்சிஸ் கேரே, பெர்லினில் மாணவராக இருந்தபோதே தன் ஊருக்காக வடிவமைத்த தொடக்கப்பள்ளி 2001-இல் முடிந்தது. அங்கே பாரந்தூக்கி கிடையாது. பெரிய உத்திரங்களைக் கொண்டுவர வழியும் கிடையாது. ஆகவே கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பிகளை ரம்பத்தால் அறுத்து, சிறு வெல்டிங் கருவியால் பற்றவைத்து, கைகளாலேயே தூக்கி வைக்கக்கூடிய இலேசான கூரைச் சட்டம் செய்தார்கள். தகரக் கூரை சுட்டெரிக்கும் என்பதால் அதற்குக் கீழே மண்கல் உள்கூரை ஒன்றை அமைத்து, இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்து போக இடைவெளி விட்டார்கள். 2004-இல் ஆகா கான் விருதும் 2022-இல் பிரிட்ஸ்கர் பரிசும் கேரேக்குக் கிடைத்தன. அந்தப் பள்ளியை விளக்கும் எந்தக் குறிப்பிலும் தடையை எடுத்துவிட்டால் மீதி ஒன்றும் புரியாது. பயனையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பிள்ளைகள் பெருகியதால் சில ஆண்டுகளிலேயே பள்ளியை விரிவாக்க வேண்டிவந்தது.

இந்த இரண்டு ஊர்களின் விடையையும் ஸ்ரீபெரும்புதூருக்குத் தூக்கிவர முடியாது. இங்கே இரவு குளிராது. காற்றில் ஈரம் அதிகம். கனத்த சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை வெளியே விட வாய்ப்பில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும். உடம்புக்கு இதம் தருவது தோலின் மேல் ஓடும் காற்றுதான். எதிரெதிர்ச் சன்னல்கள் இல்லாத அறையில் அது ஓடாது. துளைச்சுவர் வைத்தால் காற்று வேகமெடுத்துக் குளிர்ந்துவிடும் என்று பல குறிப்புகள் எழுதுகின்றன. துளை நிழல் தரும், பார்வையை மறைக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். இங்கே பள்ளிகளை நெருக்கும் தடைகள் வேறு: வடகிழக்குப் பருவமழையில் ஏரிகளின் உபரிநீர், இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகள், ஆண்டு நடுவில் வந்து சேரும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற கணிப்பே இங்கே ஆட்டம் காணும். 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. வேலை போனால் வாடகைக்கு இருந்த குடும்பமும் போகும். எனவே தேவைப் பகுதியில் ‘எத்தனை பிள்ளைகளுக்கு’ என்பதோடு, எந்த ஆண்டின் சேர்க்கையை வைத்து என்பதும் இருக்க வேண்டும்.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக் குறிப்பை எழுதிப் பார்ப்போம். ஒரகடம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. கிழக்கே லாரிச் சாலை, மேற்கே ஏரிக் கால்வாய். ஆறு வகுப்பறை வேண்டும். பழைய கட்டடத்தில் வகுப்பு நின்றுவிடக் கூடாது. வெள்ளம் ஏறாதிருக்கத் தரையை 75 சென்டிமீட்டர் உயர்த்துகிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் அமைய வேண்டும்; ஆக அதன் நீளமே 9 மீட்டர். அந்த இடம் விளையாட்டுத் திடலிலிருந்து போகிறது. சாலை இரைச்சலைத் தடுக்கக் கிழக்குச் சுவரை மூடினால், பிற்பகலில் அதே கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று நின்றுபோகும். எனவே சாலைப் பக்கம் தாழ்ந்த கூரையுடைய சேமிப்பறைகளை வைத்து, அவற்றுக்கு மேலே வகுப்பறைச் சுவரில் காற்றுச் சாளரம் திறக்கிறார்கள். இரைச்சல் குறையும், முற்றிலும் நிற்காது. இந்தச் செய்திகள் எல்லாம் நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கும். பயனுக்கு மிஞ்சும் இரண்டு வரிகளில், முன்பு மழைநாளில் மூடிய வகுப்பறைகள் இப்போது திறந்திருக்கின்றனவா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றைச் சொல்லலாம். ஓராண்டு கழித்து யார் போனாலும் சரிபார்க்க முடிந்தவை இவை.

இப்படி எழுதச் சொன்னால் கட்டடக் கலைஞர்கள் சொல்லும் முதல் மறுப்பு, குறைகளை ஒப்புக்கொண்டால் கொடையாளி அச்சேற்ற மாட்டார் என்பது. அது உண்மையான இக்கட்டுதான். ஆனால் திடல் சுருங்கியதைச் சாய்தளத்தின் காரணத்தோடு சேர்த்துச் சொன்னால் அது குறையாகப் படிக்கப்படாது. தேர்ந்தெடுத்த முடிவாகவே படிக்கப்படும். சொல்லாமல் விட்டால்தான், திடல் ஏன் சிறுத்தது என்று பெற்றோர் கேட்கும்போது அது குறையாகிறது. இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: படிப்பைத் தருவது ஆசிரியர், கட்டடத்தின் பயனை வடிவமைப்பாளர் எப்படி உறுதி சொல்வார்? சொல்ல முடியாது என்பதுதான் என் வாதத்துக்கும் ஆதாரம். தேர்ச்சி விகிதத்துக்குக் கட்டடம் பொறுப்பல்ல. ஆகவே அதை உரிமை கொண்டாடாமல், சுவரும் கூரையும் குழாயும் நேரடியாகப் பொறுப்பேற்கக்கூடியவற்றை மட்டும் பயன் என்று எழுத வேண்டும். அப்போது பட்டியல் சுருங்கும். ஆனால் நம்பத் தகுந்ததாக இருக்கும்.

மூன்றாவதாக, யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். படிக்க வேண்டியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் அந்தக் குழு வரைபடத்தோடு இந்தக் குறிப்பையும் தமிழில் கேட்டு வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவைக்கலாம். தரை உயரம், தொட்டிக் கொள்ளளவு, பராமரிப்பவர் பெயர் அதில் இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். ஐந்து ஆண்டு கழித்துக் கூரை ஒழுகினாலோ தண்ணீர் தேங்கினாலோ, யாரிடம் என்ன கேட்பது என்பதற்குக் கல்வெட்டில் உள்ள பெயர்கள் உதவாது. அந்த ஒரு பக்கம் உதவும்.

(அடுத்த வாரம்: கழிப்பறையைக் கட்டுவது ஒரு கணக்கு, அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது வேறு கணக்கு.)