பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2013-ல். இன்றும் பலர் ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்லும் உள்ளகக் குழு ஆண்டுதோறும் நிர்வாகத்துக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அறிக்கை தர வேண்டும். வந்த புகார்கள், முடிந்தவை, 90 நாளைத் தாண்டி நிலுவையில் இருப்பவை, நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்கள், எடுத்த நடவடிக்கையின் தன்மை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 16-வது பிரிவோ, புகார் தந்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 400 பேர், கோவைக் கிளையில் 14 பேர். போன வருட நிலுவை 2, புதிதாக வந்தவை 6. ஆக மொத்தம் 8. முடிந்தவை 5, நிலுவை 3. பழைய நிலுவையைச் சேர்க்க மறந்தால் கணக்கு இடிக்கும். அதனால் இந்தக் கூட்டலைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

முடிந்த ஐந்தும் 40, 55, 70, 80, 210 நாட்கள் எடுத்தன. சராசரி 91. விசாரணைக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள் என்பதால், எல்லாமே கொஞ்சம் இழுத்த மாதிரி தோன்றும். உண்மையில் நான்கு கெடுவுக்குள் முடிந்தன; ஒன்றுதான் இழுத்தது. அதை அப்படியே எழுதுவதே நேர்மை. தேதிகள் வேண்டாம். ‘ஆகஸ்டில் வந்த புகார்’ என்றாலே அந்த மாதம் யார் லீவு போட்டார், யார் வேறு பிரிவுக்குப் போனார் என்று கேன்டீனில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிளைவாரி அட்டவணை இன்னும் ஆபத்து. புதிய புகார்களில் ‘கோவை 1’ என்று போட்டால், 14 பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். அந்தக் கட்டத்தை மட்டும் மறைத்து, மொத்தம் 6, சென்னை 5 என்று விட்டுவைப்பதும் வீண். கழித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கிளைப் பிரிவையே எடுத்துவிட வேண்டியதுதான்.

முடிவுகளுக்கும் இதே கவனம் தேவை. நிரூபணம் 3, சமரசம் 1, நிரூபணமாகாதது 1 என்று வைத்துக்கொள்வோம். நிரூபணமான மூன்றில் ஒன்று எழுத்துமூல எச்சரிக்கை, ஒன்று சம்பள உயர்வு நிறுத்தம், ஒன்று பணிநீக்கம். பணிநீக்கம் 1 என்று தனியாகப் போட்டால், அந்த வருடம் வேலையை விட்டுப் போன ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் விழும். மகளின் கல்யாணத்துக்காக ராஜினாமா செய்தவரும் தப்ப மாட்டார். ஊழியர்களுக்குச் சுற்றுக்கு விடும் சுருக்கத்தில் ‘எச்சரிக்கை முதல் பணிநீக்கம் வரையிலான ஒழுங்கு நடவடிக்கை: 3’ என்பதோடு நிறுத்தலாம். விவரமான கோப்பு குழுவிடமே இருக்கட்டும்.

வருடம் முழுக்க ஒரே ஒரு புகார் வந்தால் இந்தச் சேர்ப்பு வேலையும் உதவாது. எண்ணிக்கையை மறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்போது சுருக்கத்தில் ‘வந்தது 1, முடிந்தது 1, நிலுவை இல்லை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் இருப்பதுதான் வழி.