டவுன்லோடு ஓடும்போது பாட்டு ஏன் திக்குகிறது?

10 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்த வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வருகிறது. அதுவரை லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி வேலை பார்த்தவருக்கு அன்றிலிருந்து ஒரு புதுத் தொல்லை. பெரிய கேம் ஒன்றையோ விண்டோஸ் அப்டேட்டையோ இறக்கத் தொடங்கினால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது. டவுன்லோடை நிறுத்தினால் சில நொடிகளில் சரியாகிவிடுகிறது. ஹெட்போனில்தான் கோளாறு என்று கடைக்கு எடுத்துப் போனால், கடைக்காரர் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் சொல்வது சரிதான். ஹெட்போனிலும் பழுதில்லை, ஃபைபரிலும் பழுதில்லை. சிக்கல் லேப்டாப்புக்குள், வை-ஃபையும் புளூடூத்தும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டும் ரேடியோ அலைகள்தான். புளூடூத் இயங்குவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையும் அதே பட்டையில்தான் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இந்தப் பட்டையை, உரிமம் இல்லாமல் தகவல் அனுப்பவும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் எஃப்சிசி 1985-இல் அனுமதித்தது. பிறகு வந்த வை-ஃபை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இங்கேயே குடியேறின.

பக்கத்து வீட்டு வை-ஃபையைச் சமாளிக்கப் புளூடூத்துக்கு ஒரு நல்ல வழி தெரியும். பட்டையை 79 சிறு தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கும். எந்தத் தடங்களில் இரைச்சல் அதிகம் என்று கண்டுபிடித்து அவற்றைத் தவிர்க்கும் வசதி 2003-இல் வந்த 1.2 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் தன் சொந்த லேப்டாப்பின் வை-ஃபையிடம் இந்தத் தாவல் முழுதாகப் பலிப்பதில்லை. காரணம், பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் ஒரே அட்டையில் இருக்கின்றன. 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்த அட்டையிலிருந்து மெல்லிய வயர்கள் பெரும்பாலும் கீல் வழியாகத் திரைச் சட்டத்துக்குப் போகும். அங்கேதான் ஆன்டெனா. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் வை-ஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து ஒரே ஆன்டெனாதான். இரண்டு இருந்தாலும், அவற்றில் ஒன்றைப் பல அட்டைகள் பொதுவாக வைத்திருக்கின்றன. வை-ஃபை உரக்க அனுப்பும் நேரத்தில், அதன் தோளை ஒட்டியிருக்கும் புளூடூத் எந்தத் தடத்துக்குத் தாவினாலும் தொலைவிலுள்ள ஹெட்போனின் மெல்லிய பதில் அதற்குக் கேட்காது.

ஆகவே அந்த அட்டை நேரத்தைப் பங்கு போடுகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகளை மாற்றி மாற்றி அனுப்பும் ஸ்டேஷன் மாஸ்டரைப் போல, சில மில்லி விநாடிகள் வை-ஃபைக்கு, சில மில்லி விநாடிகள் புளூடூத்துக்கு.

பாட்டுக்கு எவ்வளவு நேரம் தேவை? சாதாரண எஸ்பிசி கோடெக், உயர்ந்த தரத்தில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட் அனுப்பும். 2 மெகாபிட் வேகத்தில் செல்லும் பெரிய புளூடூத் பாக்கெட் ஒன்றில் 679 பைட் அடங்கும். அதை அனுப்பிப் பதிலும் பெற 3.75 மில்லி விநாடி ஆகும். கணக்குப் போட்டால் நொடிக்கு 60 பாக்கெட், கிட்டத்தட்ட 225 மில்லி விநாடி. ஆக, வானொலி நேரத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பாட்டு ஒன்றுக்கே வேண்டும். பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்ப நேர்ந்தால் இன்னும் கூடும்.

மீதியுள்ள நேரம் வை-ஃபைக்கு. ஒற்றை ஆன்டெனா வை-ஃபை என் இணைப்பு 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 72 எம்பிபிஎஸ் என்று காட்டும். கைக்கு வருவது நாற்பது சொச்சம். பழைய 10 எம்பிபிஎஸ் இணைப்பில் எவ்வளவு பெரிய கோப்பை இறக்கினாலும் இதில் கால்வாசியே நிரம்பியது. வெளியிலிருந்து வரும் குழாயே ஒல்லியாக இருந்ததால், பாட்டுக்கு வேண்டிய இடைவெளி தானாகக் கிடைத்தது. 100 எம்பிபிஎஸ் வந்ததும் நெரிசல் ரேடியோவுக்கு இடம் மாறிவிட்டது. இப்போது டவுன்லோடு ஒன்று, கிடைக்கும் ஒவ்வொரு மில்லி விநாடியையும் விழுங்கப் பார்க்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புளூடூத்தின் முறையில் ரவுட்டர் ஏதாவது அனுப்பிவிட்டால் லேப்டாப் அதைத் தவறவிடும். சிக்னல் மோசம் என்று நினைத்துக்கொண்டு ரவுட்டர் வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பும். வேகம் குறைந்தால் அதே தகவல் காற்றில் கூடுதல் நேரம் பிடிக்கும். பாட்டின் பங்கு மேலும் நெருக்கப்படும். ஹெட்போன் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் ஒலி பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதைவிட நீண்ட தடங்கல் காதுக்கு வெட்டாகத் தெரிந்துவிடும்.

நோய் இதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். லேப்டாப்பிலேயே சேமித்துள்ள பாட்டை ஓடவிட்டு, டவுன்லோடைத் தொடங்க வேண்டும். ஸ்ட்ரீமிங் பாட்டு என்றால் இணையம் போதாமலே நிற்கக்கூடும். அது வேறு கதை. அடுத்து, அதே டவுன்லோடு ஓடும்போது வயர் ஹெட்போனைச் செருகிக் கேட்க வேண்டும். அதிலும் திக்கினால் குற்றவாளி ரேடியோ அல்ல, டிரைவரோ பிராசஸர் சுமையோ. வயரில் சுத்தமாகவும் புளூடூத்தில் உடைந்தும் கேட்டால், எந்தப் பட்டையில் இருக்கிறோம் என்று பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இப்படி அடிக்க வேண்டும்:

```
netsh wlan show interfaces
```

அதில் Channel என்ற வரியில் 1 முதல் 13-க்குள் ஓர் எண் இருந்தால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். 36, 44, 149 போன்ற எண்கள் 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கும்.

தீர்வும் இந்த வரியிலேயே இருக்கிறது. வை-ஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் இரண்டுக்கும் பட்டை வேறாகிவிடும். பெரும்பாலான அட்டைகள் அவற்றை ஒரே நேரத்தில் ஓட்டும். பல ரவுட்டர்களில் இரு பட்டைக்கும் ஒரே பெயர் இருப்பதால், லேப்டாப் தன் விருப்பத்துக்கு 2.4-இல் ஒட்டிக்கொள்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதில் மட்டும் இணைவது நிச்சயமான வழி. ரவுட்டரைத் தொட முடியாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் வை-ஃபை அடாப்டரின் Advanced பகுதியில் Preferred Band என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு குறை, 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். இரண்டு சுவருக்கு அப்பால் அறை இருந்தால் சிக்னல் எட்டாமல் லேப்டாப் மறுபடி 2.4-க்கே திரும்பிவிடக்கூடும்.

சில லேப்டாப்களில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அவர்களுக்கு ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள்தான் மிகச் சிறந்த வழி. கேபிளைச் செருகிய பிறகு வை-ஃபையை அணைத்துவிட வேண்டும். கேபிள் எட்டாத இடத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் போதும். செலவே இல்லாத வழி, டவுன்லோடின் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது. ஸ்டீம் போன்ற செயலிகளிலும் விண்டோஸ் அப்டேட்டிலும் அதற்கு வசதி உண்டு. மேலே சொன்ன 72 எம்பிபிஎஸ் இணைப்பில் 20 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தினால் ரேடியோ நேரத்தில் பாதியாவது மிஞ்சும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியும் திக்கினால், டவுன்லோடு எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி 3.0 வழியாகத் தகவல் பாயும்போது அதன் கேபிளும் இணைப்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கசியவிடும் என்பதை இன்டெல் 2012-இலேயே அளந்து அறிக்கையாக வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கில் நேரடியாக இறக்குபவர்களுக்கு, பட்டை மாறிய பிறகும் தொல்லை தொடர இதுவே காரணமாக இருக்கலாம். டிஸ்கை லேப்டாப்பின் மறுபக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றலாம், கவசமுள்ள நல்ல கேபிள் போடலாம், அல்லது உள் டிஸ்கில் இறக்கி முடித்துவிட்டுப் பிறகு நகலெடுத்துக்கொள்ளலாம்.