பகுதி மாத ஊதியக் கணக்கு

பகுதி மாத ஊதியம் என்பது ஒருவர் மாதத்தின் இடையில் பணியில் சேரும்போது, அம்மாதத்தில் எஞ்சிய நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டு வழங்கப்படும் ஊதியம் ஆகும். மாத ஊதியத்தை ஒரு வகு எண்ணால் வகுத்து நாள் ஊதியம் காணப்படுகிறது. அதனை ஊதியத்துக்குரிய நாட்களால் பெருக்க வேண்டும். வகு எண் எது என்பதிலேயே பெரும்பாலான பிணக்குகள் எழுகின்றன.

வகு எண்கள்

நடைமுறையில் மூன்று வகு எண்கள் உள்ளன: அம்மாதத்தின் உண்மையான நாட்கள், எல்லா மாதங்களுக்கும் பொதுவாக 30, வார விடுமுறைகளை நீக்கிய 26. பணிக்கொடை வழக்கொன்றில் 1980 இல் இந்திய உச்ச நீதிமன்றம் 26 ஆல் வகுப்பதை ஏற்றது. 1987 இல் பணிக்கொடைச் சட்டத்திலும் இவ்வெண் சேர்க்கப்பட்டது. எனினும் அது பணிக்கொடைக்கான விதியே. பகுதி மாத ஊதியத்துக்கு அதுவே கட்டாயம் என்று கொள்ளுதல் தவறு.

எடுத்துக்காட்டு

மதுரை மாசி வீதித் துணிக்கடை ஒன்றில் மாதம் 18,200 ரூபாய் ஊதியத்தில் ஒருவர் 2025 பெப்ரவரி 17, திங்கட்கிழமை சேர்ந்ததாகக் கொள்வோம். ஞாயிறு விடுமுறை. சேர்ந்த நாளையும் எண்ண வேண்டும்; எனவே 28 − 17 + 1 = 12 நாட்கள். வெறுமனே கழித்து 11 என்று எழுதுவது அடிக்கடி நிகழும் பிழை.

28 ஆல் வகுத்தால் நாளுக்கு 650, மொத்தம் 7,800 ரூபாய். 30 ஆல் வகுத்தால் மொத்தம் 7,280 ரூபாய். 26 ஆல் வகுத்தால் நாளுக்கு 700. ஆனால் 23 ஆம் தேதி ஞாயிறு ஆதலால் 11 நாட்களே கொள்ளப்படும், மொத்தம் 7,700 ரூபாய். வகு எண்ணில் ஞாயிற்றை நீக்கிவிட்டு நாட்களில் மட்டும் சேர்த்தால் 8,400 வந்துவிடும்.

சரிபார்த்தல்

வேலை செய்யாத 16 நாட்களுக்குரிய தொகையை முழு ஊதியத்திலிருந்து கழித்தும் பார்க்கலாம். 28 ஆல் வகுக்கும் முறையில் 18,200 − 10,400 = 7,800; விடை மாறவில்லை. 30 ஆல் வகுக்கும் முறையிலோ 18,200 − 9,706.67 = 8,493.33 ஆகிறது. முன்பு கண்ட 7,280க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 1,213.33, அதாவது பெப்ரவரியில் இல்லாத இரண்டு நாட்களின் ஊதியம். 31 நாள் மாதங்களில் இவ்வேறுபாடு எதிர்த்திசையில் ஒரு நாளாக அமையும். ஆகவே நிலையான வகு எண்ணைக் கொள்ளும் நிறுவனம், கூட்டும் முறையா கழிக்கும் முறையா என்பதையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும்.

அரசுப் பணியில் சேரும் நேரமும் கணக்கில் வரும். முற்பகலில் சேர்ந்தால் அன்று முதலும், பிற்பகலில் சேர்ந்தால் மறுநாள் முதலும் ஊதியம் உண்டு.

வீட்டு வாடகை

வாடகைக்கு ஞாயிறு விலக்கு இல்லை. ஆதலால் 26 பொருந்தாது. அதே 17 ஆம் தேதி 8,400 ரூபாய் வாடகை வீட்டில் குடியேறியவர் 12 × 300 = 3,600 ரூபாய் தர வேண்டும். 17 முதல் அடுத்த மாதம் 16 வரை ஒரு மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் இக்கணக்கே தேவைப்படாது. முன்பணம் நாட்கணக்கில் குறைவதில்லை.