24 தீக்குச்சிகளில் ஒரு கணக்கு வகுப்பு

சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் வாய்பாடு இரண்டே வரிதான். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. இரண்டையும் பெருக்கினால் பரப்பளவு. ஆனால் ஆறாம் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த பெஞ்சைச் சீண்டும் பிள்ளைகளும் இருப்பார்கள். எது சுற்றளவு, எது பரப்பளவு என்றே பிடிபடாத பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டு பாடம் நடத்த ஓர் ஆசிரியரால் ஆகாது. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், உதவி மட்டும் ஆளுக்கேற்ப என்று வைத்துக்கொண்டால் வகுப்பு நகரும்.

அப்படி ஒரு கணக்கு: 24 தீக்குச்சிகளை உடைக்காமல் முனையோடு முனை சேர்த்துச் செவ்வகம் அமைக்க வேண்டும். எத்தனை விதமாக அமைக்கலாம்? எதற்குள் இடம் அதிகம்?

தடுமாறும் பிள்ளைகளிடம் வெறும் கேள்வியை நீட்டக் கூடாது. கட்டம் போட்ட நோட்டில் 8க்கு 4 செவ்வகம் ஒன்றை வரைந்து கொடுத்து, சுற்றளவை எண்ணச் சொல்லலாம். பலர் 20 என்பார்கள். கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் கட்டங்களை எண்ணியிருக்கிறார்கள், விளிம்புக் கோடுகளை அல்ல. மூலைக் கட்டத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு கோடுகள் உண்டு; கட்டமாக எண்ணும்போது அது ஒன்றாகிவிடுகிறது. மூலைகள் நான்கு என்பதால் விடையில் சரியாக 4 குறையும். விளிம்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் பென்சிலால் ஒரு டிக் போட வைத்தால் 24 வந்துவிடும். கோட்டை எண்ணினால் சுற்றளவு, கட்டத்தை எண்ணினால் பரப்பளவு என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை போதும். முதல் வரிசையில் அகலம் 1, நீளம் 11, பரப்பளவு 11 என்று நிரப்பியிருக்கும். மீதியை அவர்கள் நிரப்ப வேண்டும். கீழே ஒரே ஒரு கேள்வி: நீளமும் அகலமும் சேர்ந்தால் எப்போதும் எவ்வளவு? 12 என்று கண்டவர்களுக்குக் குச்சி தேவைப்படாது. அகலம் 4, நீளம் 20 என்று எழுதும் பிள்ளை 24ஐப் பாதியாக்க மறந்திருக்கிறது. அந்தச் செவ்வகத்தைக் குச்சியால் அடுக்கச் சொல்லுங்கள். குச்சி பாதியிலேயே தீர்ந்துபோகும்.

மூன்றாவது நிலைக்குக் கேள்வியும் வெற்றுத்தாளும்தான். எல்லோரும் வந்து சேரும் விடைகள் ஒன்றே: 11, 20, 27, 32, 35, 36. சுற்றளவு மாறவே இல்லை, பரப்பளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இப்படிப் படிப்படியாக உதவுவதைச் சாரம் கட்டுவதோடு ஒப்பிட்டு 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதினார்கள். சாரம் என்றால் பிரித்துவிட வேண்டியது. ஆகவே அட்டவணையை வாங்கிக்கொண்டு, 20 குச்சி என்றால் என்ன ஆகும் என்று அதே பீரியடில் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் 10 என்று தொடங்கும் பிள்ளைக்கு இனி அட்டவணை வேண்டாம். இன்னும் எண்ணிக்கொண்டிருந்தால் இன்னொரு நாள் இருக்கட்டும். ஒரு பிள்ளையை வருடம் முழுக்க ஒரே குழுவில் உட்கார வைப்பது அநியாயம்.

முந்தி முடித்தவர்களுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது வழக்கம். அது பரிசல்ல, தண்டனை. அவர்களுக்கு இதே கணக்கில் இன்னும் ஆழம் இருக்கிறது. 6க்கு 6 சதுரத்தின் ஒரு மூலையில் 2க்கு 2 சதுரத்தை வெட்டி எடுத்தால் சுற்றளவு என்ன ஆகும்? குறையும் என்றுதான் அநேகமாகச் சொல்வார்கள். குறையாது, போன இரண்டு துண்டுகளுக்கு ஈடாக உள்ளே இரண்டு வந்துவிடுகின்றன. பரப்பளவு 32, சுற்றளவு அதே 24. மூலையை விட்டுவிட்டு ஒரு பக்கத்தின் நடுவில் 1க்கு 1 பள்ளம் வெட்டினாலோ பரப்பளவு 35 ஆகக் குறைந்து, சுற்றளவு 26 ஆகக் கூடும். ஏன் என்று படம் போட்டு விளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: 24 மீட்டர் வேலியால் தோட்டம் அடைக்க வேண்டும், ஒரு பக்கம் வீட்டுச் சுவர் இருக்கிறது. சதுரம்தான் பெரியது என்று இப்போதுதான் கண்டவர்கள் 8க்கு 8 என்று 64 சதுர மீட்டரில் நின்றுவிடுவார்கள். சுவரை ஒட்டி 12, பக்கவாட்டில் 6, 6 என்று அடைத்தால் 72 கிடைக்கிறது. முன்பு கண்ட விதி இங்கே ஏன் செல்லவில்லை என்பதுதான் கேள்வி.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 30 குச்சி கொடுத்துப் பாருங்கள். குச்சியை உடைக்காமல் சதுரம் வராது. 7க்கு 8தான் பெரியது என்று அவர்களே சொல்கிறார்களா என்று பாருங்கள், விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.